கொள்வனவாளரின் வாய்ச்சொல்லைக் காணொளியாகக் கேட்டுப் பெறுதல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், மருதமுனை ஆகிய ஊர்களிற் காய்கறி நாற்றும், வீட்டுக்கு வேண்டிய அரிசியும், தோட்டத்துக் காய்கறியும் இன்று சந்தையில் மட்டும் விற்கப்படுவதில்லை. கைத்தொலைபேசியில் ஒரு படம் அனுப்பப்படுகிறது, விலை கேட்கப்படுகிறது, மறுநாட் காலையில் முச்சக்கர வண்டியொன்றிற் பொருள் வீட்டு வாயிலுக்கு வந்துவிடுகிறது. வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்த்ததில்லை. விற்பவரின் தோட்டத்தைக் கண்டதுமில்லை. ஆதலால், முன்னர் வாங்கியவர் ஒருவர் தம் வாயாற் சொல்லும் சொல்லையே அவர் நம்பவேண்டியிருக்கிறது.

அச்சொல்லை ஒரு நிமிடக் காணொளியாகப் பெற்று வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் காட்டும் வழக்கம் செய்கையாளரிடையேயும் பரவி வருகிறது. வழக்கம் நல்லதே. ஆயினும் அக்காணொளி எவ்வாறு கேட்டுப் பெறப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் பெறுமதி அமையும். சேலைக் கடையொன்றிற் பொய்ப் புகழ்ச்சியால் ஒருவர் இழப்பது ஒரு சேலையின் விலையாகும். மிளகாய் நாற்றை நம்பி வாங்கி நட்டவர் இழப்பதோ நாற்றின் விலை மட்டுமன்று; நிலம் பண்படுத்திய கூலி, பசளை, நீர் இறைத்த செலவு, மீண்டும் வாராத ஒரு போகம் ஆகிய அனைத்துமாகும். இத்துண்டுப்பிரசுரம் அக்காணொளியைக் கேட்கும் முறையைப் பற்றியது.

பார்ப்பவர் எதைத் தேடுகிறார்?

இந்தியாவிற் பெங்களூரில் 2006 ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் தனி நிறுவனமாக வளர்ந்த டிஜிற்றல் கிரீன் என்னும் முயற்சி, கர்நாடகக் கிராமங்களில் அவ்வூர் உழவர்களையே பேசவைத்துச் சிறு காணொளிகளை எடுத்து, மாலை வேளைகளில் அயலவர்க்குக் காட்டியது. அவை விற்பனைக்காக எடுக்கப்பட்டவையல்ல. செய்கை முறைகளைக் கற்பிப்பதற்காக எடுக்கப்பட்டவை. ஆயினும் அங்கு காணப்பட்ட ஓர் உண்மை நமக்கும் பயன்படும். காணொளியைக் கண்டவர்கள் முதலில் அறிய விரும்பியது, பேசுபவர் யார், எந்த ஊரவர் என்பதையேயாகும். தம்மைப் போன்ற நிலமும் தம்மைப் போன்ற வசதியும் உடையவரென்று கண்டபோதே அவர் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டனர்.

இதிலிருந்து அறிய வேண்டியது யாதெனின், அழகிய பின்னணியும் இசையும் பெரும் புகழ்மொழியும் காண்பவரை நம்பச் செய்வதில்லை. கடற்கரை மணலில் மிளகாய் நட நினைப்பவருக்கு, அதே மணலில் நட்ட ஒருவர் தம் பாத்தியில் நின்று, "இத்தனை நட்டேன், இத்தனை பிழைத்தது" என்று சொல்வதே போதும். சம்மாந்துறை வட்டையிற் களிமண் நிலத்திற் செய்பவரின் சொல் மணற்காரருக்கு அவ்வளவு உதவாது. எனவே காணொளியைக் கேட்கும்போது புகழைக் கேளாது விபரத்தைக் கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது?

பெரும்பாலோர் செய்யும் முதற் பிழை, பொருளைக் கையளிக்கும் வேளையிலேயே காணொளி கேட்பதாகும். நாற்றுத் தட்டை வாங்கிக் கையில் வைத்திருப்பவர், "நாற்று பச்சைப்பசேலென்று இருக்கிறது" என்று மட்டுமே சொல்ல முடியும். அது எந்த நாற்றைப் பற்றியும் சொல்லத்தக்க சொல். பொருள் தன் வேலையைச் செய்து முடித்த பின்னரே அதைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்று உண்டாகிறது.

அரிசியாயின், வாங்கி இரண்டு மூன்று முறை சமைத்த பின்னர்க் கேட்கலாம்; ஒரு கிழமை போதும். சோறு குழைந்ததா, கல் இருந்ததா, மறுநாள் வரை கெடாது இருந்ததா என்பவை அதற்குள் தெரிந்துவிடும். காய்கறியாயின் மூன்று நாள் போதும். வெண்டியும் கீரையும் வாடிய விதத்தை வீட்டுக்காரர் அதற்குள் கண்டுவிடுவார்.

நாற்றின் விடயம் வேறு. அதற்கு இரு வேளைகள் உண்டு. நட்ட பத்தாம் பன்னிரண்டாம் நாளிற் செடி வேர்பிடித்ததா என்பது தெரியும். ஆனால் மிளகாயில் இலைச்சுருள் போன்ற குறைகள் மூன்று நான்கு கிழமைகளின் பின்னரே முகங்காட்டக்கூடும். காய்ப்பு எத்தகையது என்பதோ முதற் பறிப்பு வந்த பின்னரே, அதாவது நடவுக்குப்பின் ஏறக்குறைய இரண்டரை மாதத்திலேயே, தெரியும். பத்தாம் நாட் காணொளியை வைத்துக்கொண்டு "நன்றாகக் காய்க்கும் நாற்று" என்று விளம்பரஞ் செய்வது, பேசியவர் சொல்லாததை அவர் வாயிற் போடுவதாகும். ஒரே கொள்வனவாளரிடம் இருமுறை கேட்பது அவருக்குச் சலிப்பைத் தருமாதலால், மூன்று நான்கு கிழமை கழித்து ஒருமுறை கேட்பது நடுநிலையான வழியெனலாம். விதைநெல் விற்போர் அறுவடையும் சூடடிப்பும் முடியும் வரை காத்திருத்தல் வேண்டும். முளைப்பைப் பற்றிய சொல் வேண்டுமாயின், அதற்கு நூறு விதையை ஈரச் சாக்கில் வைத்து எண்ணிப் பார்ப்பது எந்தக் காணொளியிலும் மேலானது.

எவ்வாறு கேட்பது?

"எங்கள் நாற்று எவ்வளவு சிறந்தது என்று சொல்லி ஒரு காணொளி அனுப்புங்கள்" என்று கேட்பவருக்கு, விடையும் அக்கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கேட்கப்பட்டவர் அதைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். மறுபுறத்தில், "ஏதாவது சொல்லுங்கள்" என்று மட்டுங் கேட்டால் பலர் என்ன சொல்வதென்று தெரியாது பேசாதிருந்து விடுவர். ஆகவே விடையைக் காட்டாததும் பேச வழியைக் காட்டுவதுமான ஒரு சிறு தூண்டுகோல் வேண்டும். பின்வருவது போன்ற ஒரு செய்தி அதற்குப் போதுமானது.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. சென்ற மாதம் 12 ஆந் திகதி எங்களிடம் மிளகாய் நாற்று எடுத்தீர்கள். விருப்பமும் நேரமும் இருந்தால், செடி இப்போது நிற்கிற நிலையைக் காட்டி ஒரு நிமிடம் பேசி அனுப்புங்கள். எப்போது, எந்த மண்ணில் நட்டீர்கள், எத்தனை பிழைத்தது, எது சரிவரவில்லை, இவ்வளவும் போதும். நல்லதும் சொல்லலாம், குறையும் சொல்லலாம். அனுப்பாவிட்டாலும் ஒன்றுமில்லை, அடுத்த முறையும் இதே விலைதான், இதே நாற்றுத்தான்."

அயலிலுள்ள தமிழ்க் கொள்வனவாளருக்கு "வணக்கம் அண்ணன்" என்று தொடங்கலாம், மற்றவையெல்லாம் அதுவே. இச்செய்தியில் மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கவை. திகதியைக் குறிப்பிடுவதால், எந்த நாற்றைப் பற்றி என்பதிற் குழப்பம் நேராது. "எது சரிவரவில்லை" என்ற கேள்வியை விற்பவரே கேட்பதால், குறை சொல்வது மரியாதைக் குறைவாகுமோ என்ற தயக்கம் நீங்குகிறது. இம்மாவட்டத்து மக்கள் விருந்தோம்பலிற் பெயர்போனவர்கள், முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசுபவர்கள் என்பதை மறத்தலாகாது. இறுதி வரியோ, அனுப்பாமல் விடுவதால் எந்த நட்டமும் இல்லையென்று வெளிப்படையாகவே கூறுகிறது. கேட்பதற்கு மூன்று நான்கு கேள்விகளுக்கு மேல் வேண்டியதில்லை. பேசவேண்டியதை முழுமையாக எழுதிக்கொடுத்து வாசிக்கச் செய்வதோ அறவே கூடாது. எழுதியதை வாசிப்பவரின் கண் ஓடும் விதத்திலேயே பார்ப்பவர் அதை அறிந்துகொள்வார். கல்முனையார் கல்முனைப் பேச்சிலேயே பேசட்டும்.

நெருக்குதல் என்பது எது?

மிரட்டினால் மட்டுமே நெருக்குதல் என்று எண்ணலாகாது. இவ்வூர்களில் விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் உறவினர், ஒரே பள்ளிவாசலிற் தொழுபவர், ஒரே வட்டையில் நீர் பாய்ச்சுபவர். சந்தியில் நாலுபேர் முன்னிலையில் ஒருவரை மறித்து, "மச்சான், நம்ம நாற்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்க" என்று தொலைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினால், அவரால் மறுக்க இயலாது. அது வேண்டுகோளைப் போலத் தோன்றினும் நெருக்குதலேயாகும். கடனுக்கு நாற்று வாங்கிப் பணம் இன்னும் கொடுக்காதவரிடம் கேட்பதும் அவ்வாறே. அவர் சொல்லும் புகழ்ச்சியின் உள்ளே கடனும் கலந்திருக்கும். வயலை ஒற்றியாகவோ குத்தகையாகவோ எடுத்துச் செய்பவரிடம் நிலத்துக்குரியவர் கேட்பதும் இதைச் சார்ந்ததே.

எனவே செய்தியாக அனுப்பிக் கேட்பதே நேரிற் கேட்பதிலும் நல்லது. விரும்பாதவர் மறுமொழி எழுதாது விட்டுவிடலாம்; அவருக்கு நாணமில்லை. ஒரு கிழமை கழித்து ஒரேயொரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் மறுமொழி வரவில்லையாயின் அதுவே மறுமொழியென்று கொண்டு விட்டுவிடுதல் வேண்டும். கடன் நிலுவை உள்ளவரிடம் கடன் தீரும் வரை கேளாதிருத்தல் முறை.

வீட்டுத் தோட்டஞ் செய்யும் பெண்கள் இக்கரையோர ஊர்களிற் பலர். கத்தரி, வெண்டி, பாகல் நாற்றுக்களை வாங்குபவர்களும் பெரும்பாலும் இவர்களே. அவர்களுட் பலர் முகத்தைக் காட்ட விரும்பார். அது காணொளிக்கு ஒரு தடையன்று. செடியையும் காயையும் காட்டிக் குரலை மட்டும் பதியலாம். குரலும் வேண்டாமெனின் பாத்தியைக் காட்டி, விபரத்தை எழுத்தில் அனுப்பலாம். "ராத்தா, முகம் தேவையில்லை, செடியைக் காட்டினாற் போதும்" என்ற ஒரு வரியைச் செய்தியிற் சேர்த்துவிட்டால், கேட்கப்பட்டவர் சங்கடமின்றி முடிவுசெய்வார். உண்மையிற் பார்ப்பவருக்கு வேண்டியதும் செடியே.

பரிசு கொடுப்பதைப் பற்றி

"நன்றாகச் சொன்னால் அடுத்த தட்டில் இருநூறு ரூபா கழிவு" என்று கூறுவது தெளிவாகவே தவறு. அது புகழ்ச்சியை விலைக்கு வாங்குதல். ஐக்கிய அமெரிக்காவில் நல்ல கருத்து அல்லது கெட்ட கருத்துச் சொல்ல வேண்டுமென்ற நிபந்தனையுடன் பரிசளித்துக் கருத்துப் பெறுவதைத் தடைசெய்யும் விதியொன்று 2024 ஆம் ஆண்டு அக்டோபர் 21 ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஐக்கிய இராச்சியத்திலும் போலிக் கருத்துக்களும், பரிசு பெற்றுக் கூறி அதனை மறைத்த கருத்துக்களும் 2025 ஏப்ரில் 6 ஆந் திகதி முதற் சட்டத்தினாற் தடுக்கப்பட்டுள்ளன. இந்தியாவில், இணையத்தில் நுகர்வோர் கூறும் கருத்துக்களைச் சேகரிப்பதற்கும் வெளியிடுவதற்குமான நியமம் ஒன்று 2022 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் இலக்கம் IS 19000:2022.

ஆனால், "நல்லதோ கெட்டதோ, உண்மையைச் சொல்லுங்கள், யார் அனுப்பினாலும் ஒரு பொதி வெண்டி விதை" என்று கொடுத்தால் என்ன? இது நேர்மையானதாகவே தோன்றுகிறது. இவ்விடயத்தில் அமேசான் என்னும் பெரும் இணைய அங்காடியின் அனுபவம் சிந்திக்கத்தக்கது. 2016 ஆம் ஆண்டு அக்டோபர் வரை, விற்பனையாளர் பொருளை இலவசமாகவோ கழிவு விலையிலோ கொடுத்துக் கருத்துப் பெறுவதை அந்நிறுவனம் அனுமதித்திருந்தது. கருத்து நேர்மையானதாக இருக்கவேண்டும், பொருள் இலவசமாகக் கிடைத்ததென்பதைச் சொல்லவேண்டும் என்பவை அதற்குரிய நிபந்தனைகள். புகழவேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. அவ்வாண்டில் ரிவியூமேற்றா என்னும் தனியார் தளம் ஏறக்குறைய 70 இலட்சம் கருத்துக்களை எடுத்து ஆராய்ந்தபோது, பரிசு பெற்றவர்கள் கொடுத்த சராசரி மதிப்பு ஐந்துக்கு 4.74 ஆகவும், பரிசு பெறாதவர்கள் கொடுத்தது 4.36 ஆகவும் இருந்தது. அடுத்து அமேசான் அத்தகைய கருத்துக்களைத் தடைசெய்தது. தன் சொந்தத் திட்டமொன்றையும் நூல்களையும் மட்டும் விலக்காக விட்டது.

காரணம் புரிந்துகொள்ள எளிதானது. ஒருவர் வீட்டிற் தேநீர் குடித்த பின் அவர் வீட்டு மாட்டைக் குறைகூற மனம் வராது. நிபந்தனையில்லாத பரிசும் நாவைச் சற்று இனிப்பாக்கிவிடுகிறது. ஆகவே சிறந்த வழி பரிசே கொடாமை. கொடுக்கத்தான் வேண்டுமென்று செய்கையாளர் கருதினால், கேட்கப்பட்ட அனைவருக்கும், அனுப்பியவர்க்கும் அனுப்பாதவர்க்கும், குறை சொன்னவர்க்கும் ஒரே அளவாக, போகம் முடிந்த பின் கொடுக்கலாம். முன்னதாக அறிவித்துக் கொடுப்பதாயின், காணொளியின் கீழ் "இதை அனுப்பியவருக்கு ஒரு பொதி விதை கொடுக்கப்பட்டது" என்று எழுதுதல் வேண்டும். அப்படி எழுத வெட்கமாக இருக்குமாயின் அப்பரிசைக் கொடாது விடுவதே நன்று.

ஒரு நாற்றுமேடையின் கணக்கு

இம்முறையினாற் காணக்கூடிய பயனை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்கலாம். நிந்தவூர்ப் பக்கத்தில் வலைக்கூடாரம் அமைத்துக் குழித்தட்டுகளில் மிளகாய் நாற்று வளர்த்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு போகத்தில் மூன்று தொகுதியாக விதையிட்டு, 40 பேருக்கு விற்கிறார்: முதற் தொகுதி 15 பேருக்கு, இரண்டாந் தொகுதி 12 பேருக்கு, மூன்றாந் தொகுதி 13 பேருக்கு. ஒவ்வொருவரும் வாங்கிய திகதியையும் தொகுதியையும் ஓர் அப்பியாசக் கொப்பியிற் குறித்து வைக்கிறார். இக்குறிப்பு இல்லையாயிற் பின்வருவன எதுவும் நடவாது.

திருப்தியுற்றவர் என்று தமக்குத் தோன்றியவரிடம் மட்டுமே கேட்கலாமே என்று அவர் நினைத்தல் இயல்பு. விளம்பரத்துக்கு ஒரு காணொளி வேண்டுமாயின், மகிழ்ச்சியோடு வந்து நன்றி சொன்ன ஒருவரிடம் கேட்பதிற் பிழையில்லை. அது அவ்வொருவரின் சொல் என்ற அளவிலேயே காட்டப்படவேண்டும். ஆனால் அவ்வாறு தெரிந்தெடுத்த பத்தினை அடுக்கிவைத்து, "எங்களிடம் வாங்கிய எல்லோரும் சொல்வதைக் கேளுங்கள்" என்று போடுவது பொய். அதனால் இவர் நாற்பது பேருக்கும் அதே செய்தியை, நட்டு நாலாங் கிழமையில் அனுப்புகிறார்.

15 பேரிடமிருந்து காணொளி வருகிறது. நாற்பதிற் பதினைந்து வந்தாலே திருப்திப்படலாம், பலர் மறந்துவிடுவர். பதினொருவர் நன்றாகவே சொல்கின்றனர். நால்வர் குறை சொல்கின்றனர். அந்நால்வருள் ஒருவர் தாமே, "நண்பகல் வெயிலில் நட்டேன், அன்று நீரும் விடவில்லை" என்று கூறி வாடிய செடிகளைக் காட்டுகிறார். அது நாற்றின் குறையன்று. மற்றை மூவரும் காட்டுவது ஒன்றே: நுனி இலைகள் சுருண்டு, வெளிறி, செடி குறுகி நிற்கிறது. கொப்பியைப் புரட்டினால் அம்மூவரும் இரண்டாந் தொகுதியை வாங்கியவர்கள்.

இப்போது செய்கையாளர் இரண்டாந் தொகுதியை வாங்கிய ஏனைய ஒன்பது பேரையும் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கிறார். காணொளி கேட்பதற்காகவன்று, செடியின் நிலையை அறிவதற்காக. ஐவர் தம் செடியும் அவ்வாறே என்கின்றனர். ஆக, பன்னிருவரில் எண்மர். முதற் தொகுதியிலும் மூன்றாந் தொகுதியிலும் இக்குறை இல்லை. தம் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தபோது, இரண்டாந் தொகுதி வளர்ந்த மூலையில் வலை கிழிந்திருந்தது தெரிகிறது. இலைச்சுருளுக்குக் காரணமான வைரசை வெண்ணீ பரப்புகிறது. நாற்றுமேடையிலேயே தொற்றிய செடி, நட்டபின்னரே அறிகுறியைக் காட்டும். பேன்பூச்சியும் சிற்றுண்ணியும் கூட இலையைச் சுருளச் செய்யுமாதலால், செடியைக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடங் காட்டி உறுதிசெய்துகொள்வது அவசியம்.

வலையைத் தைத்து, அவ்வெண்மருக்கும் புது நாற்றுக் கொடுத்தால் அவருக்குச் சில தட்டுகள் நட்டம். அதே மனிதர், "நன்றாகச் சொன்னாற் கழிவு" என்று அறிவித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பதினொரு காணொளி அப்போதும் வந்திருக்கும். இன்னும் சில கூடுதலாகவும் வந்திருக்கும். சுருண்ட செடி உள்ளவர்கள் பேசாதிருந்திருப்பர், அல்லது வேர்பிடித்ததை மட்டுஞ் சொல்லிக் கழிவை வாங்கியிருப்பர். கிழிந்த வலை கிழிந்தபடியே அடுத்த போகத்துக்கும் இருந்திருக்கும். எண்மரும் வேறிடத்துக்குப் போயிருப்பர். ஏன் போயினர் என்பதும் அவருக்குத் தெரிந்திராது.

"ஆனால்" என்னும் சொல்

வந்த காணொளியை அப்படியே காட்டுவது எளிது. எனினும் ஒரு கை கத்தரிக்கோலைத் தேடும். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்றுப் பகுதியை நீக்கலாம். காற்றின் இரைச்சலாற் கேளாத இடத்தில் எழுத்துப் போடலாம். "வேர் நன்றாகப் பிடித்தது, ஆனால் நூறுக்குப் பதினைந்து வாடிற்று" என்று ஒருவர் சொல்லியிருக்க, "ஆனால்" என்பதற்கு முன்னே நிறுத்திவிடுவதோ பேசியவரின் சொல்லை மாற்றுவதாகும். நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வியாபார நடவடிக்கையில் நுகர்வோரைத் திசைதிருப்பும் அல்லது ஏமாற்றும் எவ்வித நடத்தையிலும் வியாபாரி எவரும் ஈடுபடலாகாதென விதிக்கிறது. நாற்று விற்பவரும் அரிசி விற்பவரும் அச்சட்டத்தின் கண்ணில் வியாபாரிகளே. முறையீடுகளைச் சபையின் 1977 என்னும் தொலைபேசி இலக்கத்துக்குத் தெரிவிக்கலாம்.

குறை கூறிய காணொளிகளை என்ன செய்வதென்ற கேள்வி எழும். எல்லாவற்றையும் விளம்பரப் பக்கத்திற் போடவேண்டுமென்பதில்லை. ஆனால் வந்தவற்றுள் நல்லவை மட்டுமே வந்தன என்று காட்டக்கூடாது. பேஷன் நோவா என்னும் அமெரிக்க ஆடை நிறுவனம் நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த கருத்துக்களைத் தன் பக்கத்திற் தோன்றாமல் மறைத்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்டு, 2022 ஆம் ஆண்டில் 42 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. நமது செய்கையாளர் அவ்வளவு பெரிய வியாபாரியல்லர். ஆயினும் அவர் செய்யத்தக்கது எளிது: கேட்டவர் எத்தனை, அனுப்பியவர் எத்தனை, குறை சொன்னவர் எத்தனை, அதற்கு என்ன செய்யப்பட்டது என்று நாலு வரி எழுதிக் காணொளிகளின் கீழே போடுவது. "40 பேரிடங் கேட்டோம், 15 பேர் அனுப்பினர், 4 பேர் குறை கூறினர், இரண்டாந் தொகுதிக்குப் பதில் நாற்றுக் கொடுத்தோம்" என்ற வரியைக் கண்டு விலகிப்போகும் கொள்வனவாளர் சிலரே. மற்றையோர், குறை நேர்ந்தாற் தமக்கும் பதில் நாற்றுக் கிடைக்குமென்று அறிந்துகொள்வர்.

படம் எடுத்தலும் வைத்திருத்தலும்

அனுப்புபவருக்கு நீண்ட அறிவுறுத்தல் வேண்டாம். காலையில் எடுக்கச் சொன்னாற் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களிற் பிற்பகலிற் பதியும் குரல் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். வெயிலும் அந்நேரத்திற் செடியின் நிறத்தை மறைக்கும். சூரியன் படம் எடுப்பவரின் முதுகுப்புறமாக இருக்கவேண்டும். முதலில் முழுப் பாத்தியையும், பின்னர் ஒரு செடியை அருகிலும் காட்டினால் வேண்டியது கிடைத்துவிடும். ஓர் அழகிய செடியை மட்டும் காட்டும் காணொளி, நூறிற் தொண்ணூறு பிழைத்ததா ஒன்பது பிழைத்ததா என்பதைச் சொல்லாது.

காணொளி கிடைத்தவுடன் வெளியிட்டுவிடலாகாது. அனுப்பியவர் அதை விற்பவருக்கே அனுப்பினார், ஊருக்கு அனுப்பவில்லை. "இதை எங்கள் பேஸ்புக் பக்கத்திற் போடலாமா? வேண்டாமென்று எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவோம்" என்று தனியாகக் கேட்டு, அவர் எழுதும் "ஆம்" என்ற மறுமொழியை அழியாது வைத்திருத்தல் வேண்டும். படத்திற் பிள்ளைகளோ வீட்டு முற்றத்தில் நிற்கும் பெண்களோ தற்செயலாக அகப்பட்டிருந்தால் அப்பகுதியை நீக்கியே காட்டவேண்டும்.

ஒவ்வொரு காணொளியின் கீழும் போகமும், தொகுதியும், இனமும், நிலத்தின் தன்மையும் எழுதப்படல் வேண்டும். பெரும்போகத்தில் மழை நீரில் நின்ற செடியைக் காட்டி, சிறுபோகத்தில் நீர் இறைத்து வளர்ப்பவருக்கு நாற்று விற்பது பொருந்தாது. விதையை மாற்றினாலோ, வேறு இனத்தை வளர்க்கத் தொடங்கினாலோ, பழைய காணொளிகள் அந்நாளிலிருந்து வேறொரு பொருளைப் பற்றியவையாகிவிடுகின்றன. அவற்றை நீக்கி, புதிய நாற்றை நட்டவர்களிடம் மீண்டும் முதலிலிருந்து கேட்கவேண்டும். நாற்றின் நோய், விதையின் தரம் ஆகியன பற்றி ஐயமுடையோர் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம்.